நான்கு நாள் முகாமும் நாற்பது நிமிடப் பாடவேளையும்

சென்னை ராயபுரத்தில் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது, பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, மீனவர் குப்பங்களின் அம்மன் கோயில்களும் இருக்கின்றன. இங்குள்ள மாநகராட்சிப் பள்ளி வகுப்பு ஒன்றில் வருகைப் பதிவேட்டை வாசித்தால் இந்த எல்லா வழிபாட்டிடங்களின் பெயர்களும் பிள்ளைகளின் பெயர்களாகத் திரும்பி வரும். அதனாலேயே "பிள்ளைங்க ஒண்ணாத்தானே படிக்குதுங்க, சமாதானத்துக்குன்னு தனியா என்ன பாடம்?" என்று இங்கே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் தேட, பிள்ளைகள் ஒன்றாகப் படிக்காத ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அது தொலைவில் இல்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசுப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை சிங்கள மொழியில் மட்டும் கற்பிப்பவை. மூவாயிரத்தை ஒட்டியவை தமிழில் மட்டும் கற்பிப்பவை. சிங்கள வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே வளாகத்துக்குள் நடக்கும் பாடசாலைகள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு கட்டியெழுப்பவில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது, ஆங்கிலம் தெரிந்த சிலருக்கு மட்டுமே இருந்த கல்வியை ஏழைப் பிள்ளைக்கும் கொண்டு போக, தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழி என்றார்கள். 1950களில் அது படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் ஏறியது. கல்வியியலின்படி சரியான முடிவு. ஆனால் தாய்மொழிக் கல்வியோடு சேர்த்து அடுத்த சமூகத்தின் மொழியையும் கட்டாயமாகக் கற்பிக்க அன்றைக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. ஒரே நாட்டின் இரண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் பள்ளியை முடித்து வெளியே வந்த தலைமுறை, 1983 ஜூலைக்கு வந்து சேர்ந்தது.

மொழிதான் ஒரே சுவர் என்று நினைத்தால் கிழக்கு மாகாணம் அதைத் திருத்தும். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது தமிழ்தான். ஆனால் அங்கேயும் தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனி நாட்காட்டி. ரமலான் மாதத்தில் அவர்களுக்கு விடுமுறை, மற்றவர்களுக்கு வகுப்பு. ஆகவே இரு தரப்பும் ஒன்றாக ஒரு விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டுமென்றாலும் முதலில் நாட்காட்டியோடு போராட வேண்டும். இதற்கும் மேலாக, நாடு முழுவதும் சமயம் கட்டாயப் பாடம். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரத் தேர்வு வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்தாக வேண்டும். கலப்புப் பாடசாலை ஒன்றில் அந்தப் பாடவேளைக்கு மணி அடித்ததும் சைவநெறிக்கு ஒரு கூட்டம், இஸ்லாத்துக்கு ஒரு கூட்டம், கத்தோலிக்கத்துக்கு ஒரு கூட்டம் என்று வகுப்பு கலைகிறது. தன் சமயத்தைத் தெரிந்துகொள்ள அதில் வழி உண்டு. பக்கத்து இருக்கையில் இருப்பவனின் சமயத்தைத் தெரிந்துகொள்ளப் பதினோரு ஆண்டுகளில் ஒரு பாடவேளைகூடக் கிடையாது.

இந்த அமைப்புக்குள்தான் இலங்கை சமாதானக் கல்வியைக் கொண்டு வந்தது. தொண்டு நிறுவனங்களின் பட்டறைகளும் முகாம்களும் 1990களிலேயே தொடங்கிவிட்டன. 2008இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. அமைச்சுக்குள் அதற்கென ஒரு பிரிவும் ஏற்பட்டது. அந்தக் கொள்கை வெறும் உபதேசமாக எழுதப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பாடத்திட்டம், ஆசிரியர் கல்வி, இரண்டாம் தேசிய மொழி, பாடம் சாரா செயற்பாடுகள், பாடசாலையின் சூழல், பாடசாலைகளுக்கு இடையிலான உறவு, ஆய்வு என்று எங்கெங்கே கைவைக்க வேண்டுமோ அங்கெல்லாம் அது விரல் வைத்துக் காட்டியது. ஆனால் நடைமுறைக்கு வந்தபோது எளிதாகச் செய்யக்கூடியவை முதலில் நடந்தன. சமாதானக் கழகம், பரிமாற்றப் பயணம், கலைவிழா, நான்கு நாள் முகாம் எல்லாம் நடந்தன. கடினமானவை பின்னுக்குப் போயின.

முகாம்களால் பயனே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை. இலங்கையிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு அதற்குச் சான்று. தீபக் மல்ஹோத்ரா, சுமணசிறி லியனகே என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் அதை வெளியிட்டார்கள். வெவ்வேறு இனத்து மாணவர்கள் ஒன்றாகத் தங்கிய நான்கு நாள் சமாதானப் பட்டறை அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய ஆய்வுகளில் பெரிய சிக்கல், முகாமுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நல்ல மனம் கொண்டவர்களாக இருப்பார்கள் என்பது. முடிவில் தெரிகிற நல்லெண்ணம் முகாமால் வந்ததா, வரும்போதே கொண்டு வந்ததா என்று பிரிக்க முடியாது. இங்கே ஒரு தற்செயல் உதவியது. பட்டறைக்குத் தேர்வு செய்யப்பட்ட சில மாணவர்கள் நிதிக் குறைப்பினால் கலந்துகொள்ள முடியாமல் போனார்கள். அவர்களும் அதே வகையான பிள்ளைகள். முகாம் மட்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து இரு குழுவையும், இதில் எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாவது குழுவையும் ஒப்பிட்டார்கள். முகாமுக்குப் போனவர்களிடம் மற்ற இனத்தார்மீது கூடுதல் பரிவு இருந்தது. மற்ற இனத்து ஏழைப் பிள்ளைகளுக்கு உதவப் பணம் கொடுக்கும் வாய்ப்பைத் தந்தபோது அவர்கள் அதிகம் கொடுத்தார்கள். வாயால் சொன்னதோடு நிற்காமல் கையிலிருந்து கொடுத்தது, அதுவும் ஓராண்டுக்குப் பிறகு, கவனிக்க வேண்டிய சங்கதி.

ஆனால் இதைக் கொண்டாடும்போது இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. ஒன்று, இத்தகைய முகாம்களுக்குப் பாடசாலைகள் அனுப்புவது யாரை? மாணவத் தலைவரை, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவரை. கலவர நாளில் தெருவுக்கு இறங்கக்கூடிய பையனை எந்தப் பாடசாலை அதிபரும் அனுப்புவதில்லை. இரண்டு, வெளியே மோதல் சூடாக இருக்கும் இடங்களில் இந்த மாற்றம் வேகமாகத் தேய்கிறது. இஸ்ரேலில் யூத, பாலஸ்தீன மாணவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த கவ்ரியேல் சாலமனும் யிகால் ரோசனும் இதை அளந்து பார்த்தார்கள். பாடத்திட்டம் முடிந்தபோது மாறியிருந்த எண்ணங்கள் இரண்டு மாதங்களுக்குள் பழைய இடத்துக்கே நழுவியிருந்தன. அவர்கள் செய்த பகுப்பு நமக்கு மிகவும் பயன்படும். ஒரு மாணவனிடம் மேலோட்டமான எண்ணங்கள் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் முரடர்கள் என்பது போன்றவை. இவை மாறும், திரும்பவும் மாறும். அடியில் உறைந்த நம்பிக்கைகள் உண்டு. இந்த மண் யாருடையது, முதலில் அடித்தது யார், நம் தரப்பின் தியாகம் எது என்பவை. அவற்றைப் பாடத்திட்டம் தொடவே இல்லை. தேய்ந்த மாற்றத்தை மீட்க உதவியது, மாணவனை எதிர்த் தரப்பின் இடத்தில் நிறுத்தி அந்தத் தரப்புக்காகப் பேச வைத்த பயிற்சி. கேட்டவன் மறக்கிறான், வாதாடியவனுக்குக் கொஞ்சம் தங்குகிறது.

மட்டக்களப்பில் நடந்த வேறொரு முயற்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது காலத்தைக் கையாண்ட விதம் வேறு. 1990 அந்த மாவட்டத்துக்கு மிகக் கொடிய ஆண்டு. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தார் கொல்லப்பட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று கால்வைக்க அஞ்சின. அந்த ஆண்டில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் பள்ளிக்குப் போகும் வயதை எட்டிய 1996இல், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற இடம் மட்டக்களப்பு நகரில் தொடங்கியது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் யேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் சுமார் ஐம்பது பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் வருவார்கள். இப்படி ஏறக்குறைய ஒன்பது மாதம். களிமண் பிசைவது, வண்ணம் தீட்டுவது, கதை கட்டுவது, பாடுவது, பூங்காவின் விலங்குகளோடு இருப்பது, கடைசியில் தாங்களே உருவாக்கிய நாடகத்தை அரங்கேற்றுவது. அவர்களோடு இருந்தவர்கள் அதே மண்ணின் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள்.

இதில் பாடம் எடுத்தவர் யாருமில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது மாதம், வாரம் ஒரு நாள் என்றால் நாற்பது நாட்களுக்கு அருகே வருகிறது. நான்கு நாள் முகாமைப் போலப் பத்து மடங்கு. அதைவிட முக்கியமானது இடைவெளி. முகாமில் பிள்ளை நான்கு நாள் தொடர்ந்து இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது, கதை முடிகிறது. இங்கே ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போகிறது. மாமாவும் அண்ணனும் சொல்வதைக் கேட்கிறது. அடுத்த வாரம் திரும்பி வந்து அதே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்கிறது. வீட்டில் கேட்டதும் பூங்காவில் பார்த்ததும் நாற்பது முறை உரசிப் பார்க்கப்படுகின்றன. பஸ் இரு தரப்பு ஊர்களையும் தொட்டு வருவதால், பெற்றோர் வாரம் தவறாமல் தங்கள் பிள்ளையை நம்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதுவே ஊருக்கு ஒரு பயிற்சி. என் கணிப்பில் இலங்கையின் சமாதானக் கல்வி முயற்சிகளில் இதுதான் மிகவும் யோசித்துச் செய்தது. குறையும் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஐம்பது பேர்தான், அதுவும் வெளிநாட்டுப் பணத்தை நம்பி, பாடசாலைக்கு வெளியே. பிள்ளை மறுநாள் காலை போகும் பாடசாலை அப்படியேதான் இருந்தது.

பாடசாலைக்கு உள்ளேயே இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வட அயர்லாந்தின் அனுபவம் உதவும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கும் நாடு அது. பெற்றோர் சிலர் முயன்று 1981இல் லாகன் கல்லூரி என்ற முதல் கலப்புப் பள்ளியை 28 மாணவர்களோடு தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. கட்டடங்களை ஒன்றாக்குவது அவ்வளவு மெதுவான வேலை. இடையில், பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி என்பதை 1990களில் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். பள்ளிகள் ஒன்றாகச் சுற்றுலா போயின. பிள்ளைகள் பஸ்ஸில் தங்கள் தங்கள் கூட்டத்தோடு உட்கார்ந்தார்கள், சமயம் பற்றியோ மோதல் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் மரியாதையாகத் திரும்பி வந்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை.

அதன் பிறகு வந்ததுதான் பகிர்வுக் கல்வி. 2007 வாக்கில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு வளர்ந்து, 2016இல் சட்டமாகவும் ஆனது. அதன் உட்பொருள் எளிமையானது. இரண்டு பள்ளிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் நல்ல வேதியியல் ஆசிரியர் இருக்கிறார், மற்றதில் இசை ஆசிரியர் இருக்கிறார். வாரத்தின் குறிப்பிட்ட பாடவேளைகளில் பிள்ளைகள் மாறி மாறிப் போய், ஒன்றாக உட்கார்ந்து, தேர்வுக்கு வேண்டிய பாடத்தையே படிக்கிறார்கள். யாரும் தங்கள் பள்ளியையோ சமயத்தையோ விட வேண்டியதில்லை. பெற்றோருக்கு மதிப்பெண்ணில் லாபம். ஆகவே அவர்களே கேட்கிறார்கள். சமூகங்கள் சந்தித்தால் மட்டும் போதாது, சம நிலையில், ஒரே குறிக்கோளுக்காக, நிறுவனத்தின் ஆதரவோடு சந்திக்க வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வகுத்த நிபந்தனைகளும் இதில் தாமாகவே நிறைவேறுகின்றன. தேர்வு ஒன்றே, வகுப்பு ஒன்றே, இருவர் பெயரும் ஒரே பதிவேட்டில்.

இதே கண்ணோடு இலங்கைக்குத் திரும்பினால், அங்கே ஏற்கெனவே ஒரு பாடவேளை இருப்பது தெரியும்: இரண்டாம் தேசிய மொழி. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம், சிங்களப் பிள்ளைக்குத் தமிழ். தரம் 6 முதல் 9 வரை எல்லோருக்கும் உண்டு. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, நாற்பது நிமிடம். முகாமுக்குப் போக வாய்ப்பில்லாத, மாணவத் தலைவர் ஆகாத, கடைசி பெஞ்சுப் பையனுக்கும் இது கிடைக்கும். சமாதானக் கல்விக்கு இதைவிடப் பரந்த வாசல் இருக்க முடியாது. ஆனால் அந்த வாசல் பாதியில் மூடிக்கொள்கிறது. சாதாரண தரத் தேர்வில் அது விருப்பப் பாடம். ஆகவே தரம் 10 வந்ததும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறை தீராத பிரச்சினை. தென்பகுதிக் கிராமத்துச் சிங்களப் பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியர் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஆசிரியர் அந்த மொழியில் சரளமாகப் பேசக்கூடியவராக இருப்பதில்லை. அப்படிப்பட்ட வகுப்பில் பிள்ளை எழுத்துகளைக் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்கிறது, சொற்களை மனப்பாடம் செய்கிறது, நான்கு ஆண்டு முடிவில் பஸ் நடத்துனரிடம் ஒரு கேள்வி கேட்கவும் வராது.

இது சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதிப்பெண் பட்டியல் சொல்லாது. தரம் 9 முடித்த பிள்ளையை மற்ற மொழிக்காரர் ஒருவரோடு ஐந்து நிமிடம் தனியாக விட்டுப் பாருங்கள். இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவினால், அல்லது சிரித்துக்கொண்டு பேசாமல் நின்றால், அந்த நான்கு ஆண்டுகளும் வீணானவை. ஆங்கிலமே பாலமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற யோசனையும் அங்கே வந்தது. 2001 முதல் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழிக் கல்வியை அனுமதித்தார்கள். கலப்புப் பாடசாலைகளில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே அறையில் அமர அது உண்மையாகவே வழிசெய்தது. ஆனால் ஆங்கிலத்தில் கற்பிக்க ஆசிரியர் இருக்கும் பாடசாலைகள் நகரங்களில்தான் இருக்கின்றன. மோதலில் அதிகம் அடிபட்ட கிராமத்துப் பிள்ளைக்கு அந்தப் பாலம் எட்டவில்லை.

மொழிக்கு அடுத்தது வரலாறு. அடியில் உறைந்த நம்பிக்கைகள் என்று சாலமன் சொன்னவை இங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. சமாதானக் கல்விக்காரர்கள் பலர் வரலாற்றைத் தொடப் பயப்படுகிறார்கள். புண்ணைக் கிளறுவானேன் என்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தொடாவிட்டால் அந்தப் பாடத்தைத் தெரு எடுத்துக்கொள்ளும். எல்லாளன் துட்டகைமுனு கதையை எடுத்துக்கொள்வோம். சிங்களப் பிள்ளைக்கு அது அன்னியத் தமிழ் மன்னனிடமிருந்து நாட்டை மீட்ட வீரனின் கதை. தமிழ்ப் பிள்ளைக்கு வயதான நீதிமானை இளையவன் வீழ்த்திய கதை. ஒரு நல்ல ஆசிரியர் இதை வைத்து இரண்டு பாடவேளைகளில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கதை நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். மகாவம்சத்திலிருந்து. போர் நடந்தது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி. இடையில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். எழுதியவர் பௌத்தத் துறவி. எதற்காக, யாருக்காக எழுதியிருப்பார் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். அடுத்து, எதிரியைப் பற்றி அந்த நூல் என்ன சொல்கிறது என்று தேடச் சொல்ல வேண்டும். எல்லாளன் சோழ நாட்டிலிருந்து வந்தவன், 44 ஆண்டுகள் ஆண்டான், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி செய்தான் என்று அதே நூல்தான் சொல்கிறது. அவன் வீழ்ந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அதைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தச் சொன்னதையும் அதே நூல்தான் சொல்கிறது. மூன்றாவதாக, எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் கட்டிய ஆராய்ச்சி மணியும், கன்றை இழந்த பசு அதை அடித்ததும், மகனையே தண்டித்ததும் மகாவம்சத்தில் வருகின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கேட்டவுடன் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருவான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலையே இருக்கிறது. ஒரே கதை திருவாரூரிலும் அனுராதபுரத்திலும் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் முடிவான பதில் சொல்ல வேண்டியதில்லை. தன் தரப்பின் சொத்து என்று நினைத்த கதை மற்றவர் வீட்டிலும் இருப்பதைப் பிள்ளை பார்த்தால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வட அயர்லாந்தில் வரலாற்றைச் சான்றுகளோடு, இரு தரப்பும் பார்த்துக் கற்பிக்கும் முறை நன்றாகவே வேரூன்றியது. ஆனால் கீத் பார்ட்டனும் ஆலன் மக்கல்லியும் மாணவர்களை ஆராய்ந்தபோது, வயது ஏற ஏறப் பலர் பள்ளியில் படித்ததிலிருந்து தங்கள் தரப்புக்கு வலுச்சேர்க்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டதைக் கண்டார்கள். பழைய நூற்றாண்டுகளை நடுநிலையாகப் படித்தார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்கும் தெருவில் வரைந்திருந்த சுவரோவியத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் வகுப்பில் பேசவில்லை. இலங்கையிலும் எல்லாளனோடு நிறுத்திவிட்டு 1956, 1983, 1990 ஆகியவற்றைப் பேசாமல் விட்டால் இதே கதிதான். நம் பக்கத்திலும் இது நடக்கிறது. 2022இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலிலிருந்து 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதியைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் நீக்கியது. அதே குழுமம்தான் 2006இல் சமாதானத்துக்கான கல்வி பற்றி அருமையான நிலைப்பாட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டு, எல்லாப் பாடங்களுக்குள்ளும் சமாதானம் ஊடாட வேண்டும் என்றது. நடந்த வன்முறையின் பெயரையே எடுத்துவிட்ட பாடநூலுக்குள் எதை ஊடாட விடுவது?

வகுப்பறைக்குள் வேலை நடக்காத இடத்தில் வெளியே ஒரு தீ விழுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2018லும் 2019லும் பார்த்தது. 2018 ஏப்ரலில் திருகோணமலையின் இந்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பெரிய தகராறாகி மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. இரு தரப்பும் தமிழ் பேசுகிறவர்கள், படித்தவர்கள், ஆசிரியர்கள். சமாதானக் கொள்கை வெளியாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கொள்கை மாணவனுக்குப் பாடம் வைத்திருந்தது. ஆசிரியர் அறைக்குள் எழும் பிணக்கைத் தீர்க்க ஒரு நடைமுறையை அந்தப் பாடசாலைக்குக் கொடுத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாசலில் பைகளைச் சோதித்தார்கள். உள்ளே போன ஆசிரியருக்கு முதல் பாடவேளையில் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சமாதானக் கல்விக்கு உண்மையான தேர்வு அந்த முதல் பாடவேளைதான். பயந்திருக்கும் கத்தோலிக்கப் பிள்ளையும் பயந்திருக்கும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே ஆசிரியரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், நம் பள்ளிகளைப் பிளக்கும் முதல் கோடு சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையை, சமாதானக் கல்வி பற்றி எழுதும் யாரும் படிக்க வேண்டும். சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று அது கைவைத்த இடங்கள் எல்லாம் பள்ளியின் அன்றாடம். நல்லொழுக்க வகுப்பை மட்டும் சொல்லித் தப்பிக்கவில்லை. யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்பதையே கல்வியாகப் பார்த்த அறிக்கை அது. மதப் பிளவுக்கும் அதே கண்ணோட்டம் வேண்டும்.

இனி கல்மண்டபத்துக் கேள்வி. பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்களே, தனியாக என்ன பாடம்? இலங்கை 1990களிலிருந்து பணமும் கொள்கையும் கொட்டியும் பெற முடியாத ஒன்று நம்மிடம் இலவசமாக இருக்கிறது: ஒரே மொழி, ஒரே பாடநூல், ஒரே பெஞ்சு. இதன் மதிப்பை நாம் உணரவில்லை. கையில் கொஞ்சம் வசதி வந்ததும் பிள்ளையைத் தங்கள் சமூகத்தார் மட்டும் படிக்கும் பள்ளிக்கு மாற்றுவது எல்லாச் சமூகத்திலும் நடக்கிறது. தெருவுக்கு ஒரு பள்ளி என்று பிரிந்துவிட்டால் பிறகு முகாம் நடத்தித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அது எவ்வளவு கடினம் என்பதற்கு மேலே சொன்னவையே சாட்சி.

ஆனால் ஒரே பெஞ்சு மட்டும் போதாது என்பதும் உண்மை. 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மக்கள் கூடினார்கள், தடியடி நடந்தது, பெண்கள் வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். இங்கிருந்து நடக்கும் தூரம். அந்த நாட்களில் நம் வகுப்பறைகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீடுகளில் நேர் எதிரான பேச்சுகள் நடந்தன. அவற்றைப் பிள்ளைகள் பைக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு வந்தார்கள். அவற்றை வெளியே எடுத்து வைக்க ஒரு பாடவேளை வேண்டியிருந்தது. சட்டம் என்ன சொல்கிறது, ஆதரிப்பவர் ஏன் ஆதரிக்கிறார், எதிர்ப்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்று படித்து, ஒருவன் மற்றவன் தரப்பில் நின்று பேசிப் பார்க்கும் ஒரு நாற்பது நிமிடம். அதற்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். அதைவிட, புகார் வந்தால் தலைமையாசிரியர் தனக்குத் துணை நிற்பார் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும். அது இல்லாமல் எந்த ஆசிரியரும் வாய் திறக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ அந்தக் குழுவில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை வையுங்கள்: வகுப்பில் பிள்ளைகளை எந்த வரிசைப்படி உட்கார வைக்கிறீர்கள்? ஊரில் ஒரு தகராறு நடந்தால் மறுநாள் முதல் பாடவேளையில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அதைச் செய்த ஆசிரியர்மீது புகார் வந்தால் யார் பொறுப்பேற்பார்கள்? பதில்களைக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.